ஆர்.ஓ.ஐ.: போட்ட முதலும் வந்த ஆதாயமும்

வலைப்பதிவுக்குக் கட்டுரை எழுதச் சொல்லிக் காசு கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்பது, "இதுக்கு ஆர்.ஓ.ஐ. என்ன?" ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட் என்பதன் சுருக்கம் அது. 1910களில் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் டொனால்ட்சன் பிரௌன் இந்தக் கணக்கைத் தொழில்களை எடைபோடும் கருவியாக வளர்த்தெடுத்தார். நம் ஊர்க் கடைக்காரர் இதையே "போட்ட முதல் கைக்கு வந்துச்சா?" என்று கேட்பார்.

தமிழில் 'முதலீட்டின் மீதான வருவாய்' என்று எழுதுகிறார்கள். 'மீதான' ஆங்கிலத்தின் நிழல், அது போகட்டும். 'வருவாய்' தான் சிக்கல். வருவாய் என்றால் வந்த மொத்தப் பணம். செலவு அதில் கழியவில்லை. சொல் தவறினால் கணக்கும் தவறும்.

ஒரு கற்பனைக் கணக்கு. சூரிய வெந்நீர்க் கருவி விற்பவர் பத்துக் கட்டுரை போடுகிறார். எழுத்துக்கூலி, படம், திருத்தம், அவரே உட்கார்ந்து சரிபார்த்த நேரம் எல்லாம் சேர்த்துக் கட்டுரைக்கு 6,000 ரூபாய், மொத்தம் 60,000. (சொந்த நேரத்தைப் பலர் கணக்கில் சேர்ப்பதே இல்லை.) கூகுள் தேடலில் மேலே வர நாளாகும் என்பதால் முதல் மூன்று மாதம் ஒன்றும் இல்லை. நாலாம் மாதத்திலிருந்து மாதம் பத்து என்கொயரி, அதில் இரண்டு விற்பனை. கருவி 25,000 ரூபாய், அதில் அவருக்கு நிற்பது 4,000. ஆக மாதம் 8,000.

ஆண்டு முடிவில் ஒன்பது மாதத்துக்கு 72,000. எக்செலில் இப்படி:

```
=(72000-60000)/60000
```

விடை 0.2, அதாவது 20 சதவீதம். 'வருவாய்' என்ற சொல்லை நம்பி 18 விற்பனையின் முழு விலையான 4,50,000ஐப் போட்டால் 650 சதவீதம் என்று வரும். அதைப் பார்த்து மேலும் நூறு கட்டுரைக்குச் சொல்லிவிடுவார். ஆறாம் மாதமே கணக்குப் பார்த்தவருக்கோ வந்தது 24,000 தான். நஷ்டம் என்று நிறுத்திவிடுவார். முதல் திரும்புவது பதினோராம் மாதத்தில். எனவே எத்தனை மாதக் கணக்கு என்று சொல்லாத ஆர்.ஓ.ஐ.க்குப் பொருளில்லை.

சரி, எந்தச் சொல்லை எடுப்பது? "முதலிலார்க்கு ஊதியம் இல்லை" என்கிறது குறள் (449). அங்கே ஊதியம் என்றால் லாபம். மிகப் பொருத்தமான சொல்தான், ஆனால் இன்று அது சம்பளம் ஆகிவிட்டது. அதனால் நான் 'முதலீட்டு ஆதாயம்' என்றே எழுதுகிறேன். அந்தச் சதவீதத்துக்கு 'ஆதாய விகிதம்'. போட்ட காசு திரும்பும் கெடுவுக்கு 'முதல் மீளும் காலம்'. லீடு என்றும் சொல்லப்படும் என்கொயரிக்கு 'விசாரிப்பு' போதும். போனில் வரும் ஒவ்வொரு விசாரிப்பிலும் "எங்களைப் பற்றி எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு நோட்டில் குறிக்காவிட்டால், மேலே சொன்ன பத்தும் இரண்டும் வெறும் ஊகம்.