வரைபடத்தில் இல்லாத சுவர்களும் தரிப்பிடத்துத் தூண்களும்

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட குறுக்கு வீதியொன்றில், தொடர்மாடியில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம் முழுவதும் வாகனத் தரிப்பிடம். அங்கே தூண்கள் மட்டுமே. மேலே நான்கு மாடி. நில அதிர்வு வந்தால் இப்படிப்பட்ட கட்டடம்தான் முதலில் விழும் என்கிறார்கள். தூண்கள் பெரிதாகத்தானே இருக்கின்றன?"

பாரத்தைத் தாங்க அந்தத் தூண்கள் போதும். இத்தனை ஆண்டு நிற்பதே அதற்குச் சான்று. ஆனால் நில அதிர்வு கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கிறது. நிலம் நகர, மேலேயுள்ள பாரம் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. அதனால் ஒவ்வொரு மாடியிலும் பிறக்கும் பக்க விசை படிப்படியாகச் சேர்ந்து கீழ்த்தளத்துக்கு வந்து சேர்கிறது. எந்தக் கட்டடத்திலும் இது இப்படித்தான். தரிப்பிடக் கட்டடத்தின் தனிச் சிக்கல் மேலேயுள்ள சுவர்களால் வருவது.

பொறியியலாளர் கணக்குப் போடும்போது பெரும்பாலும் தூண்களையும் பீம்களையும் மட்டுமே சட்டமாக எடுத்துக்கொள்கிறார். அறைச் சுவர்கள் அவருடைய கணக்கில் வெறும் பாரம். ஆனால் மேசன் தூணுக்கும் தூணுக்கும் நடுவே சீமெந்துக் கல்லை இறுக்கி அடுக்கிப் பூசி முடித்ததும் அந்தச் சுவர் வேறொரு வேலையும் செய்யத் தொடங்குகிறது. சட்டம் பக்கவாட்டில் சாயப் பார்த்தால் சதுரம் சரிய வேண்டும். ஒரு மூலைவிட்டம் குறுக வேண்டும். குறுகவிடாமல் சுவர் அந்தத் திசையில் முட்டுக் கொடுத்து நிற்கிறது. யாரும் கணக்கில் எடுக்காத இந்த முட்டு, ஒரு மாடியின் விறைப்பைச் சாதாரணமாகவே பல மடங்கு கூட்டிவிடும். ஆக, மேல் மாடிகள் நான்கும் ஒரே விறைத்த பெட்டியாகிவிடுகின்றன. கீழ்த்தளம் மட்டும் வரைபடத்தில் உள்ளபடி வெறும் தூண்களாகவே நிற்கிறது.

ஓர் எளிய கணக்குப் போடுவோம். தரிப்பிடத்தில் 300 மி.மீ. சதுரத் தூண்கள் 12. உயரம் 3 மீற்றர். அவற்றின் மேல் மொத்தம் 800 தொன் பாரம். இரு முனையும் பீமில் உறுதியாகப் பிடிபட்ட அப்படியொரு தூணின் உச்சியை 1 மி.மீ. நகர்த்த ஏறத்தாழ முக்கால் தொன் விசை வேண்டும். பன்னிரண்டுக்கும் சேர்த்து 9 தொன். பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 80 தொன், பக்க விசையாக வந்தால் கீழ்த்தளம் 9 மி.மீ. அளவு நகரும். மேலேயுள்ள மாடியைச் சுவர்கள் பத்து மடங்கு விறைப்பாக்கியிருந்தால் அது 1 மி.மீ. கூட நகராது.

9 மி.மீ. ஒன்றும் பெரிதில்லை. பலமான அதிர்வில் கொங்கிறீட் வெடித்துத் தூணின் விறைப்புக் குறைந்த பிறகுதான் விவகாரம். அப்போது கட்டடத்தின் உச்சி 75 மி.மீ. அசைய வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து தளங்களும் பங்கு போட்டால் தளத்துக்கு 15 மி.மீ.; உயரத்தில் இருநூறில் ஒரு பங்கு. சுவரில் கீறல் விழும், அவ்வளவுதான். மேலே இருப்பது பெட்டியானால் பங்கு போட ஆளில்லை, 75 மி.மீ. முழுவதும் ஒரே தளத்தின் தலையில் விழுகிறது. உயரத்தில் நாற்பதில் ஒரு பங்கு சாய்வு! சாதாரணமாகக் கம்பி கட்டிய தூண் அதற்கு முன்பே உடையக்கூடும்.

உடைவது நடுவில் அல்ல, தூணின் தலையிலும் காலிலும். வளைவு அங்கேதான் அதிகம். முதலில் வெளிப்புறக் கொங்கிறீட் உதிர்கிறது. அதன் பிறகு உள்ளிருக்கும் கொங்கிறீட்டையும் நெடுங்கம்பிகளையும் கட்டிப் பிடித்திருப்பவை குறுக்கு வளையக் கம்பிகள் மட்டுமே. அந்த வளையத்தின் இரு முனைகளையும் 90 பாகையில் மடித்து விட்டிருந்தால், வெளிப்புறக் கொங்கிறீட் உதிர்ந்ததுமே கொக்கி திறந்துகொள்ளும். 135 பாகைக்கு மடித்து முனையை உட்கொங்கிறீட்டுக்குள் புதைத்திருந்தால் திறக்காது. இடைவெளியும் முக்கியம்: பீமை ஒட்டிய முதல் 450 மி.மீ. நீளத்திலாவது வளையங்கள் 100 மி.மீ. இடைவெளிக்குள் நெருங்கியிருக்க வேண்டும். 200, 250 மி.மீ. என்று விட்டால் நெடுங்கம்பிகள் வெளியே வளைந்து, தூண் முனை புடைத்த பறவைக்கூண்டு போலாகிவிடும்.

இதற்குள் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. 800 தொன் பாரம் 75 மி.மீ. விலகி நிற்கிறது. அந்த விலகல், 3 மீற்றர் உயரத் தூண்களுக்கு மேலும் 20 தொன் பக்க விசை கொடுத்ததற்குச் சமம். சாய்வு கூடினால் விசை கூடும். விசை கூடினால் சாய்வு கூடும். நிலம் ஓய்ந்த பிறகும் இந்தச் சுற்று நிற்காமல் போகலாம். மேலேயுள்ள மாடிகள் கண்ணாடி கூட உடையாமல் அப்படியே வாகனங்களின் மேல் உட்கார்ந்த படங்கள் பல நாடுகளிலிருந்து வந்திருப்பது இதனால்தான்.

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் பூஜ் பகுதியில் நிகழ்ந்த நில அதிர்வில், 200 கிலோமீற்றருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் கீழ்த்தளம் திறந்த தொடர்மாடிகள் பல இடிந்தன. அங்கே பதிவான நில முடுக்கம் புவியீர்ப்பின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். சில கட்டடங்களில் கொங்கிறீட் மின்தூக்கிக் கூடு நிமிர்ந்து நிற்க, மாடிகள் அதிலிருந்து பிய்ந்து விழுந்தன. கூட்டையும் தளத்தையும் கம்பி சரியாகப் பிணைக்கவில்லை. அடுத்த ஆண்டே இந்திய வடிவமைப்பு விதி, இத்தகைய கீழ்த்தளத் தூண்களைக் கணக்கில் வரும் விசையைப் போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது.

கொழும்பு புவித்தட்டுகள் சந்திக்கும் எல்லையில் இல்லை. அபாயம் குஜராத்தைப் போன்றதும் அல்ல. ஆனாலும் 1615இல் கொழும்பை நில அதிர்வு தாக்கியதாகப் போர்த்துக்கேயர் காலக் குறிப்பு இருக்கிறது. வாங்கப்போகும் தொடர்மாடிக்கு வாஸ்து பார்க்கக் காசு கொடுக்கிறவர்கள், அதன் கம்பி வரைபடத்தைக் கேட்டுப் பார்ப்பதேயில்லை என்பது எனக்கு விளங்காத விஷயம்.

வாசகர் தன் தரிப்பிடத்தில் பார்க்க வேண்டியவை சில. கொங்கிறீட் சுவர் எதுவும் நெடுக்கிலும் குறுக்கிலும் நிலம் வரை இறங்குகிறதா? மின்தூக்கியும் படிக்கட்டும் ஒரே மூலையில் இருக்கின்றனவா? அப்படியானால் கட்டடம் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டு முறுகும். எதிர் மூலைத் தூண்களுக்கே அடி அதிகம். தூணுக்குள் இருக்கும் வளையங்களின் இடைவெளியை உடைக்காமலே கருவி வைத்து அளக்கலாம். கொக்கி எப்படி மடிந்திருக்கிறது என்பதைப் பழைய வரைபடமோ, ஓரிடத்தில் கொத்திப் பார்ப்பதோதான் சொல்லும்.

திருத்த வழி உண்டு, இடமும் அதிகம் போகாது. 3 மீற்றர் நீளமும் 200 மி.மீ. தடிப்பும் உள்ள ஒரேயொரு கொங்கிறீட் சுவர், கணக்குப்படி, மேற்சொன்ன 12 தூண்களும் சேர்ந்ததைப் போல் எட்டு மடங்கு விறைப்பானது. இரு வாகனங்களுக்கு நடுவே அதை நிறுத்தினால் இழப்பது ஒரு சாண் அகலமே. ஆனால் திசைக்கு இரண்டாக, எதிரெதிர்ப் பக்கங்களில் வர வேண்டும். மேலே பீமோடும் தளத்தோடும் கம்பியால் பிணைய வேண்டும். கீழே தனக்கென அத்திவாரம் வேண்டும். வெள்ளவத்தைக் கால்வாயை ஒட்டிய இளகிய மண்ணில் செலவின் பெரும்பகுதி இந்த அத்திவாரத்துக்கே போகும். அது இல்லாமல் சுவர் தன் காலிலேயே ஆடும். எட்டு மடங்கு என்பது கடதாசியில் மட்டும் இருக்கும்.

பொறியியலாளரைக் கேட்காமல் செய்யக்கூடாதது, தூண்களுக்கு நடுவே அரைச் சுவர் எழுப்புவது. காவலாளி அறைக்கோ தண்ணீர்ப் பம்புக்கோ என்று 1.5 மீற்றர் உயரத்துக்குக் கட்டினால், தூணின் ஆடக்கூடிய நீளம் பாதியாகிறது. விறைப்பு உயரத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே அந்தத் தூண் பக்கத்துத் தூணைவிட எட்டு மடங்கு விசையைத் தன்மீது இழுத்து, சுவருக்கு மேலே தெரியும் குட்டைப் பகுதியில் குறுக்காக வெடிக்கும்.