மாஸ்கோவின் தலைக்கு மேல் செயற்கைக்கோளை நிறுத்துவது எப்படி? 63.4 பாகையின் கணக்கு

பெங்களூரில் செயற்கைக்கோள் தரைநிலையங்களின் இணைப்புக் கணக்குகளைப் பார்க்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். புதிதாகச் சேரும் பொறியாளர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது ஒரு கேள்வி தவறாமல் வரும்: "பூமத்தியரேகைக்கு மேல் நிறுத்துவதைப் போல, மாஸ்கோவுக்கு நேர் மேலேயே ஒரு செயற்கைக்கோளை நிறுத்தி வைத்தால் என்ன?" இந்தக் கேள்விக்கு முழுமையான விடையை அறிந்துகொண்டால், வட நாடுகள் ஏன் மிகவும் நீண்ட நீள்வட்டப் பாதையைத் தேர்ந்தெடுத்தன என்பது தானாகவே விளங்கும்.

செயற்கைக்கோளின் பாதைத் தளம் எப்போதும் பூமியின் மையத்தின் வழியாகத்தான் செல்லும். ஆகவே வட அரைக்கோளத்தில் எந்த அளவு மேலே ஏறுகிறதோ, தென் அரைக்கோளத்தில் அந்த அளவு அது கீழே இறங்கியே தீரும். ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்ற வேண்டுமானால் பாதை பூமத்தியரேகையின் தளத்தில், 35,786 கிலோமீட்டர் உயரத்தில், வட்டமாக இருக்க வேண்டும். அதைத்தான் புவிநிலைப் பாதை என்கிறோம்.

நமக்கு இந்த ஏற்பாடு மிகவும் வசதியானது. பெங்களூரின் தீர்க்கரேகையிலேயே உள்ள புவிநிலைக் கோள் இங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 75 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சியில் தெரியும். டெல்லியில் 56 பாகை, ஸ்ரீநகரில் 50 பாகை என்று அது குறைந்தாலும் இணைப்புக்கு எந்தக் குறையும் இல்லை. ரஷ்யாவின் மூர்மன்ஸ்க் நகரம் வட அட்சரேகை 69 பாகையில் இருக்கிறது. அங்கே கோள் நேர் தெற்கில் இருந்தாலும் அடிவானத்திலிருந்து 12 பாகைதான் எழும். தீர்க்கரேகையில் 40 பாகை தள்ளியிருந்தால் 7 பாகையாகத் தாழ்ந்துவிடும். அந்தக் கோணத்தில் ஒரு குன்றோ, அடுக்குமாடிக் கட்டடமோ, துறைமுகத்துப் பாரந்தூக்கியோ சமிக்ஞையை மறைத்துவிடும். மறைப்பு ஏதும் இல்லாவிட்டாலும், 12 பாகையிலேயே அலை காற்றுமண்டலத்தை நேராகத் துளைப்பதைவிட நான்கைந்து மடங்கு நீளமான பாதையைக் கடக்க வேண்டியிருக்கிறது. ஸ்வால்பார்டு தீவில் இந்தியா நடத்தும் ஹிமாத்ரி ஆய்வுநிலையம் ஏறத்தாழ 79 பாகையில் உள்ளது. அங்கே இந்தக் கோணம் 2 முதல் 3 பாகை வரைதான். 81 பாகையைத் தாண்டினால் புவிநிலைக் கோள் அடிவானத்துக்குக் கீழேயே போய்விடும்.

நிறுத்த முடியாது என்றால், வடக்கே நெடுநேரம் தங்க வைக்கலாமா என்பதுதான் அடுத்த சிந்தனை. கெப்ளரின் இரண்டாம் விதி இதற்கு வழிவிடுகிறது. நீள்வட்டப் பாதையில் செல்லும் கோள் பூமிக்கு அருகில் வரும்போது மிக வேகமாகவும், தொலைவில் இருக்கும்போது மிக மெதுவாகவும் நகரும். ஊஞ்சல் அடியில் விரைந்து உச்சியில் தயங்குவதைப் போல. 1965 ஏப்ரலில் சோவியத் ஒன்றியம் ஏவிய மோல்னியா கோள் இந்த இயல்பையே நம்பியது. இவ்வகைப் பாதையில் புவியண்மை நிலை தென் அரைக்கோளத்தில் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலும், புவிச்சேய்மை நிலை வட அரைக்கோளத்தில் சுமார் 40,000 கிலோமீட்டர் உயரத்திலும் இருக்கும். அண்மையில் நொடிக்கு 10 கிலோமீட்டராக இருக்கும் வேகம் சேய்மையில் ஒன்றரை கிலோமீட்டராகக் குறைகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேரம் ஆகும். அதில் 8 மணி நேரம் கோள் வடக்கே உயரத்தில் தயங்கிக்கொண்டிருக்கும். மூர்மன்ஸ்கின் தீர்க்கரேகையிலேயே சேய்மை நிலை அமைந்தால், அது அங்கே 80 பாகைக்கும் மேலே, உச்சியை ஒட்டித் தெரியும். எட்டு எட்டு மணி நேரமாக முறை மாற்றிக்கொள்ளும்படி மூன்று கோள்களை விட்டால், நாள் முழுவதும் ஒன்று தலைக்கு மேல் இருந்துகொண்டே இருக்கும். 1967இல் தொடங்கிய ஆர்பிட்டா வலையமைப்பு, 12 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனாக்களைக் கொண்ட தரைநிலையங்களின் வழியாக, மாஸ்கோ தொலைக்காட்சியைச் சைபீரியாவுக்கும் தூரக் கிழக்குக்கும் இப்படித்தான் கொண்டு சேர்த்தது.

வகுப்பில் அடுத்து எழும் கேள்வி இன்னும் கூர்மையானது. அது எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும்கூட. மாஸ்கோ 56 பாகை அட்சரேகையில் இருப்பதால், பாதைத் தளம் பூமத்தியரேகைத் தளத்தோடு அமைக்கும் கோணமான சாய்வையும் 56 பாகையாக வைத்தால் சேய்மை நிலை சரியாக அதன் மேலேயே அமையுமே, இவ்வகைப் பாதைக்கு எதற்காக 63.4 பாகைச் சாய்வு?

பூமி முழுமையான உருண்டை அல்ல. நடுவில், பூமத்தியரேகையை ஒட்டி, சற்றே புடைத்திருக்கிறது. அந்தப் புடைப்பின் கூடுதல் ஈர்ப்பு, நீள்வட்டத்தை அதன் தளத்துக்குள்ளேயே மெல்லத் திருப்பிக்கொண்டே இருக்கும். சாய்வு குறைவாக இருந்தால் கோள் செல்லும் திசையிலும், சாய்வு செங்குத்தை நெருங்கினால் எதிர்த்திசையிலும் அது திரும்பும். இரண்டுக்கும் இடையில் திருப்பம் நின்றுபோகும் ஒரு சாய்வு இருக்க வேண்டும் அல்லவா? சாய்வை i என்று குறித்தால், திருப்பத்தின் வேகம் 5cos²i − 1 என்ற கோவைக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அது சுழியாகும் i-யின் மதிப்புதான் 63.4 பாகை. இந்த மதிப்பு கோளின் எடையையோ உயரத்தையோ சார்ந்ததல்ல.

மோல்னியா அளவுள்ள நீள்வட்டத்தை 56 பாகைச் சாய்வில் விட்டால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்குத் திருப்பம் 0.09 பாகைதான், பார்வைக்கு அற்பமாகத் தெரியும். ஓராண்டில் அது 34 பாகையாகச் சேர்ந்துவிடும். அப்போது சேய்மை நிலை மாஸ்கோவை விட்டு விலகி 43 பாகை அட்சரேகைக்கு இறங்கியிருக்கும். இரண்டு ஆண்டு ஏழெட்டு மாதங்களில் அது பூமத்தியரேகைக்கே வந்துவிடும். ஐந்தேகால் ஆண்டில் சேய்மை முழுவதும் தெற்கே போய், கோள் தன் நேரத்தில் பெரும்பகுதியை யாருக்கும் பயன்படாத தென்கடல்களின் மேல் கழிக்கும். எரிபொருளைச் செலவிட்டு ஒவ்வோர் ஆண்டும் 34 பாகை திருப்பிக்கொண்டிருப்பது நடைமுறையில் கட்டுப்படியாகாது. முதல் மோல்னியா கோள்கள் 65 பாகையை ஒட்டிய சாய்வில் சென்றன. அங்கே திருப்பம் ஆண்டுக்கு ஆறு, ஏழு பாகை என்ற அளவில் இருப்பதால் அவற்றின் குறுகிய ஆயுளுக்கு அது போதுமானதாக இருந்தது.

இத்தகைய கோள் ஒழுங்காக இருக்கிறதா என்பதைப் பொதுவெளியில் கிடைக்கும் இரண்டு வரிப் பாதைத் தரவைக் கொண்டு எவரும் சரிபார்க்கலாம். இரண்டாம் வரியில் சாய்வு 63-ஐ ஒட்டியும், புவியண்மை பாதையில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும் புவியண்மைக் கோணம் 270-ஐ ஒட்டியும், நாளொன்றுக்கான சுற்றுகள் 2-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இதில் நடு எண் மாதந்தோறும் ஒரே திசையில் நகர்ந்தால், வடக்கே கோள் தங்கும் நேரம் சுருங்குகிறது என்றும், ஒரு கோளிலிருந்து அடுத்ததற்கு இணைப்பை மாற்றும் இடத்தில் விரைவில் இடைவெளி விழும் என்றும் பொருள்.

சாய்வைச் சரியாக வைத்தாலும் தீராத சிக்கல்கள் இரண்டு உண்டு. சூரியனும் சந்திரனும் இழுப்பதால் புவியண்மையின் உயரம் ஏறி இறங்குகிறது. 500 கிலோமீட்டரில் தொடங்கிய கோளுக்கு இறங்குவதற்கு அதிக இடமில்லை என்பதால், பல மோல்னியாக்கள் இறுதியில் காற்றுமண்டலத்தில் புகுந்து அழிந்தன. மேலும் ஒவ்வொரு சுற்றிலும் ஏறும்போதும் இறங்கும்போதுமாக, நாளொன்றுக்கு நான்கு முறை பூமியைச் சூழ்ந்துள்ள வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளைக் கடக்க வேண்டியிருப்பதால் சூரியத் தகடுகள் விரைவில் தேய்கின்றன.

2024 ஆகஸ்டில் நார்வேக்காக ஏவப்பட்ட இரண்டு ஆர்க்டிக் அகலக்கற்றைக் கோள்களின் வடிவமைப்பில் இந்தச் சிக்கல்களுக்கான விடையைக் காணலாம். சாய்வு அதே 63.4 பாகைதான், ஆனால் புவியண்மை சுமார் 8,000 கிலோமீட்டருக்கு உயர்த்தப்பட்டிருக்கிறது, சேய்மை சுமார் 43,000 கிலோமீட்டர், சுற்றுக்காலம் 16 மணி நேரம். காற்றின் உரசல் அங்கே இல்லை. கதிர்வீச்சு உட்பட்டையின் கடுமையான பகுதியும் பெருமளவு தவிர்க்கப்படுகிறது. வடக்கே தங்கும் நேரம் நீள்வதால் மூன்று கோள்களின் வேலையை இரண்டே செய்துவிடுகின்றன.

வடதுருவக் கடலுக்குப் போகும் கப்பலுக்கோ ஆய்வுக்குழுவுக்கோ முனையம் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நம் வீட்டு மாடியில் ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டு மறந்துவிடும் நிலையான டிஷ் அங்கே பயன்படாது. மெதுவாக நகரும் கோளைத் தொடர்ந்து பின்பற்றவும், முறை மாறும் நேரத்தில் அடுத்த கோளுக்குத் தாவவும், மாறிக்கொண்டே இருக்கும் தொலைவால் அலையின் அதிர்வெண்ணில் ஏற்படும் டாப்ளர் விலகலைத் திருத்தவும் அந்த ஆன்டெனாவாலும் மோடத்தாலும் முடியுமா என்பதை எழுத்து வடிவில் கேட்டுப் பெற வேண்டும்.