"பிரைம் செய்யவும்" என்றால் எதை ஊற்றுவது?

டீசல் பம்ப்செட் ஒன்றின் தமிழ்க் கையேடு, ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது. கடைசிப் பக்கங்களில் பழுது நீக்கும் அட்டவணை. ஒரு வரிசையில் "இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடுகிறது" என்று பழுது. காரணம்: எரிபொருள் குழாயில் காற்று. தீர்வு: "நீர் நிரப்பவும்."

டீசல் இன்ஜினைத் தொட்டுப் பழகிய யாரும் இந்த வரியைப் படித்ததும் பதறிவிடுவார்கள். கையேட்டை நம்பி முதல்முறையாக இன்ஜினைத் திறக்கிறவர் பதறமாட்டார், சொன்னதைச் செய்வார். இதே தவறு வெவ்வேறு கையேடுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் மிகக் கவனமாக வேலை செய்கிறவர்களின் கையிலிருந்துதான் இது வருகிறது. எப்படி வருகிறது என்று பார்ப்போம்.

ஆங்கில மூலத்தில் பம்ப் வரிசை, இன்ஜின் வரிசை இரண்டிலும் தீர்வாக இருப்பது ஒரே ஒரு சொல்: "பிரைம்." பம்ப் தண்ணீர் தள்ளாதபோதும் பிரைம்தான், இன்ஜின் ஓடாதபோதும் பிரைம்தான். பம்ப்பின் பக்கம் அதற்குப் பொருள் இது: டெலிவரி வால்வை மூடி, பிரைமிங் புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றி, ஏர் காக்கைத் திறந்துவைத்து, குமிழி நின்று தண்ணீர் மட்டும் வழியும்வரை நிரப்புவது. உள்ளே காற்று இருந்தால் இம்பெல்லர் சுற்றுமே தவிர கிணற்றிலிருந்து தண்ணீரை இழுக்காது. ஊற்ற ஊற்ற மட்டம் இறங்கிக்கொண்டே போனால், உறிஞ்சு குழாயின் அடி முனையில் இருக்கும் ஃபுட் வால்வு ஒழுகுகிறது என்று அர்த்தம். (அந்த ஃபுட் வால்வை "கால் வால்வு" என்று எழுதியவர்கள் இருக்கிறார்கள். அரை வால்வு, முக்கால் வால்வு எங்கே கிடைக்கும் என்று வாசகர் கேட்டால் தப்பில்லை.)

இன்ஜினின் பக்கம் அதே சொல்லுக்குப் பொருள் வேறு. டேங்க் காக்கைத் திறந்து, டீசல் ஃபில்டரின் மேலுள்ள ப்ளீட் ஸ்குருவை ஒன்றிரண்டு சுற்று தளர்த்தி, கை பிரைமரை அடித்துக்கொண்டே இருந்து, நுரை நின்று டீசல் மட்டும் வந்ததும் ஸ்குருவை இறுக்குவது. நம் மெக்கானிக்குகள் இதை "ஏர் எடுக்கிறது" என்பார்கள். இங்கே தண்ணீருக்கு வேலையே இல்லை. எரிபொருள் பம்ப்பில் பிளஞ்சருக்கும் பேரலுக்கும் இடையே சில மைக்ரான்தான் இடைவெளி. அதற்கு மசகு டீசலே. அங்கே தண்ணீர் போனால் துருப் பிடிக்கும், கீறும், பம்ப்பையே மாற்ற வேண்டி வரும்.

இரண்டிலும் பொதுவானது காற்றை வெளியேற்றுவது மட்டும்தான். எதைக் கொண்டு வெளியேற்றுவது என்பதை மூலச்சொல் சொல்வதில்லை. அதைச் சொல்வது துறை.

அப்படியானால் "நீர் நிரப்பவும்" இன்ஜின் வரிசைக்குள் எப்படிப் போனது? இங்கேதான் எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் அதை அங்கே எழுதவே இல்லை. பம்ப் வரிசையில் சரியாக எழுதினார். மொழிபெயர்ப்பு மென்பொருள் அதே மூலச்சொல்லைக் கண்ட இடத்திலெல்லாம் அதைத் தானாகப் பரப்பியது. இன்ஜின் வரிசையை வேறுமாதிரி மாற்றியவர்களுக்கும் நிம்மதி இல்லை. சீர்மைச் சோதனை சிவப்புக் கொடி காட்டும்: "ஒரே மூலம், இரண்டு மொழிபெயர்ப்பு." அதைப் பார்த்து பரிசீலகர் "ஒன்றாக்கவும்" என்று குறிப்பு எழுதுவார். சரியாக இருந்தது தவறாகத் திருத்தப்படும்.

"ஒரு சொல்லுக்கு ஒரு நிகர்ச்சொல்" என்ற விதியைப் பாதியாகக் கற்றுக்கொடுத்துவிட்டோம். கலைச்சொல்லியல் சொல்வது அதுவல்ல. ஒரு துறைக்குள், ஒரு கருத்துக்கு, ஒரு சொல். கருத்து மாறினால் சொல் மாறத்தான் வேண்டும், மூலத்தில் எழுத்துக்கூட்டல் ஒன்றாகவே இருந்தாலும். சீர்மை என்பது வாசகருக்காக. ஒரே வேலையைப் பார்க்கும்போது ஒரே சொல்லைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு "சீராக இருக்கிறது" என்று சொல்வது, சாம்பாருக்கும் பாயசத்துக்கும் ஒரே கரண்டியைப் போட்டுவிட்டுப் பாத்திரம் மிச்சம் என்பது போல. சிவப்புக் கொடி ஒரு கேள்வி, தீர்ப்பு அல்ல. பரிசீலகர்களே, இதை மட்டுமாவது மனதில் வையுங்கள்.

அடுத்த தவறு துறையைக் குறிப்பதில். திட்டம் தொடங்கும்போது துறை என்ற இடத்தில் "இயந்திரவியல்" என்று தேர்ந்தெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். பம்ப்பும் இயந்திரவியல், எரிபொருள் அமைப்பும் இயந்திரவியல். அந்தப் பெயர்ச்சீட்டு "பிரைம்" விஷயத்தில் ஒன்றையுமே பிரித்துத் தராது. துறை என்பது புத்தகத்தின் அட்டையில் இருப்பது அல்ல, இந்த வாக்கியம் எந்தப் பாகத்தைத் தொடுகிறது என்பது. பொருள் பிரிகிற அளவுக்குத் துறையைக் குறுக்க வேண்டும்: மையவிலக்குப் பம்ப், டீசல் எரிபொருள் அமைப்பு, மேற்பூச்சு, மின்பலகை. அதே கையேட்டின் பராமரிப்புப் பகுதியில் துருவைச் சுரண்டி "பிரைம்" செய்யச் சொல்வது பெயின்ட் அடிக்கும் முன் பூசும் பிரைமரை. "பிரைம் மூவர்" என்று வந்தால் அது பம்ப்பைச் சுழற்றும் இன்ஜின் அல்லது மோட்டார். "முதன்மை நகர்த்தி" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது.

துறையைக் கண்டுபிடிக்க அறிவாற்றல் ஒன்றும் வேண்டாம், பக்கத்திலேயே தடயம் கிடக்கும். மிக நம்பகமான தடயம் அலகு. "ஹெட்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் மீட்டர் இருந்தால் அது பம்ப்பின் ஹெட். நியூட்டன் மீட்டர் இருந்தால் சிலிண்டர் ஹெட் போல்ட்டை இறுக்கும் டார்க். நியூட்டன் மீட்டரைப் பாதியில் "மீட்டர்" என்று படித்துவிடாதீர்கள், அதுவும் நடக்கிறது. அலகு இல்லாமல் கேஸ்கெட் என்று வந்தால் இன்ஜின். அறுகோணம் என்று வந்தால் வெறும் போல்ட்டின் தலை, அங்கே மட்டும் "தலை" என்று எழுதலாம்.

பம்ப்பின் ஹெட்டை "அழுத்தம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. "மொத்த அழுத்தம் 30 மீட்டர்" என்று போட்டால், அழுத்தம் எப்போது மீட்டரில் வந்தது என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையே கேட்கும். 30 மீட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ சதுர சென்டிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம், உண்மைதான். ஆனால் அது கணக்குப் போட்டு வருவது, சொல்லின் பொருள் அல்ல. "உயரம்" என்றாலும் முழுதாகாது, ஏனென்றால் மொத்த ஹெட்டில் தண்ணீர் ஏறும் உயரத்தோடு குழாயின் உராய்வு இழப்பும் சேரும். உயரம் என்று படித்த விவசாயி கிணற்றின் ஆழத்தையும் தொட்டியின் உயரத்தையும் மட்டும் கூட்டி, பற்றாத பம்ப்பை வாங்கிவிடுவார். கடைக்காரரும் விவசாயியும் ஹெட் என்றுதான் பேசுகிறார்கள். ஹெட் என்றே விடுங்கள், முதல் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

ஒரே பக்கத்துக்குள்ளும் துறை மாறும். மின்மோட்டார் வகைப் பம்ப்செட்டில் "4 போல்" இரண்டு இடத்தில் வரும். மோட்டார் வரியில் அது காந்தத் துருவம்: 50 ஹெர்ட்ஸில் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றும், மோட்டார் அதைவிடச் சற்றுக் குறைவாக. நான்கு வரி தள்ளி பிரேக்கர் வரியில் அது நான்கு கம்பிகளைத் துண்டிக்கும் நான்கு முனை. "4 துருவ பிரேக்கர்" தப்பு, "4 முனை மோட்டார்" அதைவிடத் தப்பு. சந்தேகம் வந்தால் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி.யின் இணையக் கலைச்சொல் தொகுப்பு எலக்ட்ரோபீடியாவைத் திறந்து பாருங்கள். அங்கே கலைச்சொற்கள் துறைவாரியாக அடுக்கப்பட்டிருக்கும்: சுழலும் இயந்திரங்கள் 411ஆம் பகுதி, சுவிட்ச் கருவிகள் 441ஆம் பகுதி. முதலில் பகுதி எண்ணைப் பாருங்கள், பிறகு சொல்லை.

சொல் கிடைத்ததும் மறுபக்கம் ஒரு பார்வை வேண்டும். தமிழிலும் பல பொருள் கொண்ட சொற்கள் உண்டு. மோசமானது "திறன்." ஒரு விவரப் பட்டியலில் "திறன் 600 லிட்டர்/நிமிடம், திறன் 5 கிலோவாட், திறன் 60%" என்று மூன்று வரி வந்தது. மூலத்தில் மூன்றும் மூன்று வேறு சொற்கள், குழப்பமே இல்லை. குழப்பத்தை உண்டாக்கியது நாம். முதலாவதை "நீர் அளவு" என்றும், இரண்டாவதைத் "திறன்" என்றும், மூன்றாவதைப் "பயனுறுதிறன்" என்றும் பிரித்தாலே போதும். பிரித்ததும் பட்டியலைக் கணக்கிட்டுச் சரிபார்க்கவும் முடிகிறது. நிமிடத்துக்கு 600 லிட்டரை 30 மீட்டர் ஹெட்டில் தள்ள, தண்ணீருக்குப் போகிற திறன் மட்டும் சுமார் 2.9 கிலோவாட். பயனுறுதிறன் 60% என்றால் தண்டில் கொடுக்க வேண்டியது சுமார் 4.9. ஆக 5 கிலோவாட் பொருந்துகிறது. எண்கள் ஒன்றோடொன்று பொருந்தினால், அவற்றுக்கு இட்ட பெயர்களும் சரி என்று நம்பலாம்.

இனி வேலை. சொற்பட்டியலைச் சொல்வாரியாக வைக்காதீர்கள், கருத்துவாரியாக வையுங்கள். "பிரைம்" என்று ஒரு வரிசைக்குள் நான்கு நிகர்ச்சொற்களைக் கமாவால் பிரித்து அடுக்கினால் யாரும் முதலாவதைத்தான் எடுப்பார்கள். நான்கு வரிசை போடுங்கள், ஒவ்வொன்றிலும் துறைக்கு ஒரு கட்டம், ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம். கலைச்சொல் கோப்பு வடிவமான டி.பி.எக்ஸ்-இல் இதற்கென்றே `subjectField` என்ற இடம் இருக்கிறது. பெரும்பாலான கோப்புகளில் அது காலியாகக் கிடக்கிறது. தானாகப் பரப்பும் வசதியை, குறைந்தபட்சம் மூன்று சொல்லுக்குக் குறைந்த வரிகளுக்காவது அணைத்துவையுங்கள். நூறு சதவீதப் பொருத்தம் என்று மென்பொருள் சொல்வது எழுத்துகளின் பொருத்தத்தை. முன்வரியும் பின்வரியும்கூடப் பொருந்துகிற வகையை மட்டும் நம்புங்கள், அதுவும் ஒருமுறை படித்துப் பார்த்த பிறகு.

பழுது நீக்கும் அட்டவணையை எப்போதும் கடைசியில், அச்சுப் பக்கத்தை எதிரே வைத்து, வரிசை வரிசையாகக் குறுக்கே படியுங்கள். அங்கே துறை வரிக்கு வரி மாறும். மென்பொருளோ கட்டங்களைத் தனித்தனி வரிகளாகக் கீழே இறக்கி, தீர்வுகளைப் பழுதிலிருந்து பிரித்துக் காட்டும்.

வேலை கொடுக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வெறும் எக்செல் பட்டியலில் ஒற்றைச் சொற்களை அனுப்பி மாலைக்குள் கேட்காதீர்கள். பி.டி.எஃப்-ஐயும் பாக வரைபடத்தையும் சேர்த்து அனுப்புங்கள். "டிஸ்சார்ஜைச் சரிபார்க்கவும்" என்று தனியாக ஒரு வரி வந்தால் அது பம்ப்பிலிருந்து வெளியேறும் தண்ணீரா, பேட்டரியில் இறங்கும் சார்ஜா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வரியை ஊகித்து நிரப்பாமல், "எந்தப் பாகம்?" என்ற கேள்வியோடு திருப்பி அனுப்புகிற மொழிபெயர்ப்பாளரைத் தாமதம் செய்கிறார் என்று திட்டாதீர்கள்.