எலுமிச்சை தேய்த்தால் முகம் ஏன் கறுக்கிறது?

"மஞ்சள், எலுமிச்சைச் சாறு, தேங்காய் எண்ணெய் மூன்றுமே சமையலறைச் சாமான்தானே, முகத்தில் போட்டால் என்ன கெட்டுவிடும்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கேள்விக்குப் பின்னால் ஒரு கதையும் இருந்தது. தங்கை கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிழிந்த எலுமிச்சை மூடியை முகத்தில் நன்றாகத் தேய்த்து, பத்து நிமிடம் விட்டுத் தண்ணீரில் கழுவியிருக்கிறார். அப்புறம் பத்திரிகை வைக்க மதியம் வரை ஸ்கூட்டரில் சுற்றல். அன்றைக்கு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை கன்னம் சிவந்து எரிந்தது. அடுத்த வாரம் கன்னத்திலிருந்து தாடை வரை, ஏதோ வழிந்தோடியதைப் போல ஒரு கரும்பழுப்புக் கோடு. நிறம் கூடட்டும் என்று தேய்த்தவருக்கு இப்படி.

எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது சாற்றின் புளிப்பை. அது நியாயமான சந்தேகம்தான். அமிலத்தன்மையைச் சொல்லும் எண் பி.எச். அது ஒன்று குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடும். நம் தோலின் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். எலுமிச்சைச் சாற்றுக்கு 2-லிருந்து 2.5 வரை. அதாவது பல நூறு மடங்கு அதிக அமிலத்தன்மை. தினமும் தேய்த்தால் தோலின் மேலடுக்கு அரிபட்டு வறளும், எரியும். ஆனால் அமிலம் கடன் வைக்காது, தேய்த்த உடனேயே எரிச்சலைக் காட்டிவிடும். இரண்டு நாள் கழித்து வந்த சிவப்புக்குக் காரணம் வேறு.

எலுமிச்சையில் ஃபூரனோகூமரின் என்ற வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. சோரலென் அவற்றில் ஒன்று. இருட்டில் இவை பரம சாது. தட்டையான, மெல்லிய மூலக்கூறு என்பதால் தோல் செல்லுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளுக்கு நடுவே சும்மா செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வெயில் படாவிட்டால் வந்த வழியே போயும் விடும். வெயில் பட்டால்தான் வேடிக்கை. சூரிய ஒளியில் உள்ள புற ஊதா ஏ கதிரின் ஒரு துகளை அது விழுங்கியதும், பக்கத்தில் உள்ள தைமின் என்ற டி.என்.ஏ. உறுப்போடு வேதிப் பிணைப்பு போட்டுக்கொள்கிறது. இப்போது ஒரு பக்கம் ஒட்டியாயிற்று. இன்னொரு ஒளித்துகள் வந்து மோதினால், மறுமுனை எதிர் இழையில் உள்ள தைமினைப் பிடித்துக்கொள்கிறது. செல் பிரியவும், தன் மரபுக் குறிப்பைப் படிக்கவும், இந்த இரண்டு இழைகளும் ஜிப்பைப் போலத் திறந்தாக வேண்டும். நடுவில் பற்களை ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டால் ஜிப் எப்படித் திறக்கும்? செல் பழுது பார்த்துப் பார்க்கும். முடியாவிட்டால் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

இந்தச் சாவு நிதானமாக நடப்பதால்தான் சிவப்பும் எரிச்சலும் உச்சத்துக்கு வர இரண்டு மூன்று நாள் ஆகிறது. அதற்குள் எலுமிச்சையை மறந்துவிட்டு, கல்யாண வீட்டுக் கத்திரிக்காயைத் திட்டிக்கொண்டிருப்போம். புண் ஆறும்போது நிறமிச் செல்கள் மெலனினைக் கொட்டித் தள்ளும். அதில் ஒரு பகுதி தோலின் அடியடுக்குக்கு இறங்கிவிட்டால், கறை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். மாநிறத்தவருக்கும் கறுத்த நிறத்தவருக்கும் இது இன்னும் எடுப்பாகத் தெரியும்.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, கறையின் வடிவம். சாறு எங்கே வழிந்ததோ, விரல் எங்கே பட்டதோ, அங்கே மட்டும்தான் கறுக்கும். கோடு, சொட்டு, விரல் தடம் என்று கறை இருந்தால் ஏறக்குறைய உறுதி. இந்த விளைவு ஒவ்வாமையும் அல்ல. போதுமான சோரலெனும் போதுமான வெயிலும் சேர்ந்தால் யாருக்கும் வரும். அதனால்தான் 'முழங்கைக்கு உள்பக்கம் தடவிச் சோதித்துப் பாருங்கள்' என்ற வழக்கமான யோசனை இங்கே உதவாது. வீட்டு நிழலில் சோதித்தால் தோல் தேறிவிடும், தெருவில் இறங்கினால் தோற்கும்.

நம் ஊர் பச்சை, மஞ்சள் குட்டி எலுமிச்சை இந்த விஷயத்தில் பேர்போனது. அதிலும் சாற்றைவிடப் பழத்தோலில் இந்தச் சேர்மங்கள் பல மடங்கு அதிகம். ஆக, பிழிந்த மூடியை வீணாக்காமல் முகத்தில் தேய்ப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. இவை தண்ணீரைவிட எண்ணெயில் நன்றாகக் கரைபவை. வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் முழுக்கப் போகாது. ஜன்னல் கண்ணாடியும் காப்பாற்றாது, புற ஊதா ஏ கதிர் அதைத் தாண்டி வரும்.

இதே வினையை மருத்துவமும் பயன்படுத்திக்கொள்கிறது. வெண்புள்ளிக்குச் சித்த மருத்துவம் சொல்லும் கார்போகரிசியில் இருப்பது இந்தச் சோரலென்தான். 1970-களிலிருந்து சோரியாசிஸுக்கும் சோரலெனைக் கொடுத்து, அளந்து புற ஊதா ஏ ஒளி பாய்ச்சுகிறார்கள். தோலைக் கறுக்க வைப்பதற்கென்று மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும் பொருளை, வெளுக்க வேண்டும் என்று நாம் அளவில்லாமல் தேய்க்கிறோம்!

'எலுமிச்சையில் வைட்டமின் சி இருக்கிறதே' என்பார்கள். 100 மில்லி சாற்றில் இருப்பது 30, 40 மில்லிகிராம். முகத்துக்கென்று விற்கும் 10 சதவீத சீரத்தில் அதே அளவுக்கு 10 கிராம். சாறு பக்கத்தில்கூட வரவில்லை.

மஞ்சளிடம் இந்த வெயில் சண்டை கிடையாது. பெரும்பாலானோருக்கு அது பத்திரம், பெரிய பலனும் எதிர்பார்க்க வேண்டாம்; அதன் மஞ்சள் நிறப்பொருளான குர்குமின் தோலுக்குள் அதிகம் இறங்குவதில்லை, வெளிச்சத்தில் சிதைந்தும் போகிறது. சிலருக்கு ஒவ்வாமையால் அரிப்பும் தடிப்பும் வரும். எனக்குப் பயம் கலப்படத்தில்தான். நிறம் எடுப்பாக இருக்க ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயம் கலந்த மஞ்சள் தூள் வங்கதேசத்தில் பெருமளவில் பிடிபட்டிருக்கிறது. விரலி மஞ்சள் வாங்கி வீட்டில் இழைத்துக்கொள்வது நல்லது.

தேங்காய் எண்ணெய் வறண்ட கை கால்களுக்கு அருமை. எண்ணெய் வடியும் முகத்துக்கு வேண்டாம். மலசீசியா என்றொரு பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் குடியிருக்கிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரிக்கத் தெரியாமல் வெளியிலிருந்து வாங்கிச் சாப்பிடும் ஜீவன். அதற்கு எண்ணெய் விருந்து. நெற்றியில் ஒரே அளவில், அரிப்போடு சின்னச் சின்னப் பொரிகள் கிளம்பினால் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள்.

சரி, வாசகியின் கோட்டுக்கு வருவோம். அதன் மேல் மறுபடி எலுமிச்சை தேய்க்கக் கூடாது. வெளியே போகும்போது துணியால் மறைத்துக்கொண்டு, புற ஊதா ஏ-யையும் தடுக்கும் சன்ஸ்கிரீன் போட்டால், கறை தானாகவே மெல்ல மங்கும். கொப்புளமாக இருந்தால் உடைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருந்துக் கடையில் கேட்டதும் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு கலந்த 'நிறக் கிரீம்' மட்டும் வேண்டவே வேண்டாம்: முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து ரத்த நாளங்கள் வெளியே தெரியும், நிறுத்தினால் முகம் சிவந்து கொதிக்கும்.