பற்றரி மாற்ற முதல் அந்தத் திகதியைப் பாருங்கள்

இந்த வாரமும் அதே கதைதான். வெள்ளவத்தையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் சாம்சங் கேலக்ஸி ஏ51ஐ எங்கள் போன் திருத்தும் கடைக்குக் கொண்டுவந்து, "தம்பி, நல்ல பற்றரி ஒன்று போட்டுத் தாங்கோ, இன்னும் மூன்று வருஷம் ஓட வேணும்" என்றார். அடுத்த நாள் ஒரு பொடியன் ஏ54ஐ மேசையில் வைத்து, "அண்ணா, இது முடிஞ்சுது, புதுசு தவணைக்கு எடுக்கப்போறன், இதுக்கு என்ன தருவீங்கள்" என்றான். இரண்டு பேருடைய முடிவும் தலைகீழ். இப்படி வருபவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

விலை கேட்பதற்கு முன் போனைத் திறந்து Settings > About phone > Software information போய், Android security patch level என்ற வரியில் என்ன திகதி இருக்கிறது என்று பாருங்கள். ஏ51 வந்தது 2019 டிசம்பரில், சாம்சங் அதற்குக் கொடுத்தது நான்கு வருடப் பாதுகாப்பு அப்டேட். அது முடிந்துவிட்டது. ஏ54 வந்தது 2023 மார்ச்சில், அதற்கு ஐந்து வருடம், அதாவது 2028 வரை.

ஆசிரியையிடம் இதைச் சொன்னதும், "இல்லையே தம்பி, நேற்றும் அப்டேட் வந்தது" என்றார். எனக்குப் பொறுமை போவது இந்த இடத்தில்தான். வந்தது வாட்ஸப் அப்டேட். பிளே ஸ்டோரில் ஆப்கள் புதுப்பிக்கப்படுவதும் போனின் ஆன்ட்ராய்ட் புதுப்பிக்கப்படுவதும் ஒன்றல்ல. ஆப் அப்டேட் பல வருடங்களுக்கு வந்துகொண்டே இருக்கும், ஆனால் அதற்குக் கீழே இருக்கும் ஆன்ட்ராய்டில், சிப்பின் மென்பொருளில் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளைப் பெரும்பாலும் அடைப்பது போனைச் செய்த கம்பனி அனுப்பும் பட்ச்தான். அது நின்றால் நின்றதுதான், புதுப் பற்றரி அதைத் திரும்பக் கொண்டுவராது. அதே பக்கத்தில் Google Play system update என்று இன்னொரு திகதியும் இருக்கும், அதைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள், அது ஆன்ட்ராய்டின் சில பகுதிகளை மட்டும் கூகிள் புதுப்பிப்பது. "என்ர போனில் களவெடுக்க என்ன இருக்கு" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் வங்கியின் ஓடிபி எந்த போனுக்கு வருகிறது? அந்த ஆசிரியையின் ஓய்வூதியக் கணக்கின் ஆப்பும் அதில்தான் இருந்தது. பற்றரி போட மாட்டேன் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். போதாததற்கு, பழைய மொடலுக்குக் கிடைக்கும் 'புது' பற்றரி பல வருடம் கடையில் கிடந்ததாகவும் இருக்கலாம், பாவிக்காமல் வைத்தாலும் பற்றரி தேயும்.

இனி ஏ54. 30 வீதத்தில் திடீரென்று அணைகிறது, கமராவைத் திறந்தால் 40இலிருந்து 15க்கு விழுகிறது. இது தேய்ந்த பற்றரியின் குணம். அப்படிக் குதிக்காமல், சும்மா வைத்திருக்கும்போதே சூடாகிச் சீராகக் குறைந்துகொண்டு போனால் பற்றரியைச் சந்தேகிப்பதற்கு முன் Settings இல் Battery பக்கத்தைத் திறந்து எந்த ஆப் தின்கிறது என்று பாருங்கள். நாங்கள் பற்றரியைக் கழற்றிவிட்டு போனைப் பவர் சப்ளையில் கொடுத்துப் பார்ப்போம். போன் அணைந்திருக்கும்போதும் கரண்ட் இழுத்தால் குற்றம் போர்டில், பற்றரிக்குச் செலவழிப்பது வீண். இதைப் பார்க்காமலே பற்றரி மாற்றும் கடையில் கொடுக்காதீர்கள்.

ஏ54 அப்படி இழுக்கவில்லை. சர்விஸ் பக் என்கிற சாம்சங்கின் அசல் பற்றரியும் கூலியுமாக 10,000 ரூபாய்க்குள் முடிந்தது. அவன் தவணைக்கு எடுக்க இருந்த போன் ஒரு லட்சத்துக்கு மேல். அதே மொடல் பாவித்த போனின் விலையில் மூன்றில் ஒன்றைச் செலவு தாண்டாமலும், அப்டேட் இன்னும் இரண்டு வருடமாவது மிச்சமாகவும் இருந்தால் நான் பற்றரி மாற்றத்தான் சொல்வேன். டிஸ்பிளேயும் உடைந்திருந்தால் இரண்டையும் கூட்டிப் பாருங்கள், பெரும்பாலும் கணக்கு மாறிவிடும். பாதி விலைக்குக் கிடைக்கும் கொப்பி பற்றரியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், ஒரு வருடத்துக்குள் திரும்ப வருபவை பெரும்பாலும் அவைதான். இன்னொன்று, ஏ54 தண்ணீர் தாங்கும் போன். பின்பக்கக் கண்ணாடியைச் சூடாக்கிக் கழற்றினால் அந்த ஒட்டு போய்விடும், புது ஒட்டுப் போட்டாலும் பழைய உத்தரவாதம் கிடையாது. மழையில் நனைய விடாதீர்கள்.

பின்மூடி புடைத்திருந்தால் இந்தக் கணக்கு எதுவும் பார்க்க வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள், அமத்தாதீர்கள், ஊசியால் குத்திக் காற்று எடுக்கிறேன் என்று தயவுசெய்து தொடங்காதீர்கள், உள்ளே இருப்பது எரியக்கூடிய வாயு. குப்பையிலும் போடாதீர்கள். அணைத்துவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள்.

சாதாரணமாகக் கொண்டுவருவதென்றால், பற்றரி மாற்றினால் படங்கள் அழியாது, ஆனாலும் பக்அப் எடுத்துவிட்டு வாருங்கள். கடைக்காரன் கேட்டான் என்று போனைத் திறக்கும் PIN நம்பரைத் துண்டில் எழுதிக் கொடுக்காதீர்கள். புதிய சாம்சங் போன்களில் Maintenance mode இருக்கிறது, அதைப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் போனைச் சோதிக்கலாம், உங்கள் படங்களும் மெசேஜ்களும் எங்களுக்குத் தெரியாது.