கனவில் நம்மை நாமே தள்ளி நின்று பார்க்கும்போது

சாலை விபத்தில் அடிபட்டுப் பிழைத்தவர்களிடம் உறக்கத்தைப் பற்றி விசாரித்தால், "நான் கீழே விழுவதை நானே எதிர்ப்புறம் நின்று பார்ப்பதுபோல் கனவு வருகிறது" என்று சிலர் சொல்வார்கள். உயிர் உடலை விட்டுப் போய் வருகிறதோ, ஏதேனும் கெட்ட சகுனமோ என்ற அச்சம் அவர்கள் குரலில் இருக்கும். கனவில் தன்னையே இறந்தவராகக் கண்டால் ஆயுசு கெட்டி என்று வீட்டுப் பெரியவர்கள் தேற்றியும் இருப்பார்கள். சகுனம் எதுவும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தக் கனவை வேடிக்கை பார்ப்பவர் எங்கே நிற்கிறார், எதைப் பார்க்கிறார், எந்த இடத்தில் பார்ப்பதை நிறுத்திக்கொள்கிறார் என்பவை சிகிச்சைக்கு மிகவும் பயன்படும் தகவல்கள்.

"நான் இந்த உடலுக்குள் இருந்துகொண்டு பார்க்கிறேன்" என்ற உணர்வு தானாக அமைந்துவிடுவதில்லை. கண், காதின் சமநிலை உறுப்பு, தசைகள், மூட்டுகள் ஆகியவற்றிலிருந்து வரும் செய்திகளை மூளை ஓயாமல் ஒன்றுசேர்த்து அதை உருவாக்குகிறது. 2002இல் ஓலாஃப் பிளாங்கே என்ற நரம்பியல் மருத்துவரின் குழு, வலிப்பு நோயாளி ஒருவரின் மூளையை அறுவைக்கு முன் ஆய்வு செய்தபோது, வலப்புறத்தில் பொட்டெலும்பை அடுத்து மேலே அமைந்த ஒரு சிறு பகுதியில் மின்தூண்டல் கொடுத்தது. அந்தப் பெண், தான் மேலிருந்து தன் உடலையே பார்ப்பதாகச் சொன்னார். கனவு மிகுந்து வரும் உறக்கக் கட்டத்தில் தசைகள் தளர்ந்து செயலற்றிருப்பதாலும், உடலிலிருந்து வரும் செய்திகள் மங்கிவிடுவதாலும், பார்வையின் இடம் உடலை விட்டு நழுவுவது வியப்புக்குரியதன்று. நலமாக இருப்பவர்களுக்கும் இத்தகைய கனவு அவ்வப்போது வரலாம்.

நினைவிலும் இதே நழுவல் உண்டு. நினைவுகளைச் சிலவேளை உள்ளிருந்தும் சிலவேளை பார்வையாளராக வெளியிலிருந்தும் காண்கிறோம் என்பதை 1983இல் ஜார்ஜியா நிக்ரோவும் உல்ரிக் நைசரும் ஆராய்ந்து எழுதினார்கள். பழைய நினைவுகள் வெளிப்பார்வைக்கு மாறிவிடுவது இயல்பு என்பதால், பள்ளிப் பருவத்தில் கோலி ஆடும் சிறுவனாகத் தன்னைக் கனவில் கண்டு மகிழ்ந்தேன் என்று ஒரு முதியவர் சொன்னால் அதில் ஆராய எதுவும் இல்லை. அண்மையில் நடந்த, உடலை நேரடியாகத் தாக்கிய ஒரு நிகழ்ச்சி அவ்வளவு சீக்கிரம் வெளியே போய்விட்டதென்றால்தான் கேள்வி எழுகிறது. அதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு உள்ளவர்களை ஹெதர் மெக்ஐசக்கும் எரிக் ஐக்கும் ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட கட்டுரையில், அந்நிகழ்ச்சியை வெளியிலிருந்து நினைவுகூர்ந்தவர்களின் விவரிப்பில் பதற்றமும் உடல் உணர்வுகளும் குறைவாகவும், இடத்தைப் பற்றிய விவரங்கள் கூடுதலாகவும் இருந்தன. அவை நினைவைப் பற்றிய ஆய்வுகள். கனவுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும் ஆலோசனை அறையில் நான் கேட்கும் கனவுகளில் பெரும்பாலும் இதே சாயலைக் காண்கிறேன்.

ஒருவருடைய கதையைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியும், ஒத்த சிலருடைய அனுபவங்களைச் சேர்த்தும் எழுதுகிறேன். மகனைப் பின்னால் அமர்த்தி ஸ்கூட்டரில் சென்ற ஒரு பெண், நாற்சந்தி ஒன்றில் வேன் மோதி விழுந்தார். இருவருமே பிழைத்தார்கள். சில மாதங்களாக அடிக்கடி வரும் கனவில் அவர் ஒரு கடையின் மாடியில் நிற்கிறார். கீழே பச்சைப் புடவை உடுத்திய ஒரு பெண் விழுகிறாள், அது தான்தான் என்பதும் அவருக்குத் தெரிகிறது. ஆனால் பயமோ அழுகையோ இல்லை, சத்தமும் இல்லை. பயமே இல்லாததால் தான் தேறிவிட்டதாகவே அவர் நம்பினார். ஆனால் விழித்தெழும்போது தாடை இறுகி வலித்தது, நெஞ்சு படபடத்தது. பகலில் அந்த நாற்சந்தியைத் தவிர்த்துச் சுற்றுவழியில் போனார். மகனை அதன்பின் ஒருமுறைகூட வண்டியில் ஏற்றவில்லை. உணர்வு இல்லாத கனவும் உணர்வு மிகுந்த உடலும் இப்படி முரண்படுவதுதான், அந்தத் தொலைவு ஆறுதலால் வந்ததன்று, தவிர்ப்பால் வந்தது என்பதற்கு நான் முதலில் தேடும் அடையாளம்.

கனவைக் காட்சி காட்சியாகச் சொல்லச் சொன்னேன். புடவையின் நிறம், கடைப் பலகை, சாலையில் சிந்திய பால் எல்லாம் துல்லியமாக வந்தன. கனவு ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில், அந்தப் பெண் பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கு முன், முடிந்துபோனது. மகன் அந்தக் கனவில் இல்லவே இல்லை. விபத்தின்போது அவன் கிடந்த இடத்தைப் பார்க்கத் துணியாமல் சில நொடிகள் கண்ணை மூடியிருந்ததையும், "அந்த நேரம் நான் தாயாகவே இல்லை" என்ற குற்றவுணர்வையும் அவர் அதன்பிறகுதான் சொன்னார். கனவின் உட்பொருளைக் குறிப்புணர்ந்து விளக்கும் வேலையில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. கனவு நின்றுபோகும் இடத்தைக் கேட்பது அதைவிட உறுதியான வழி.

இத்தகைய கொடுங்கனவுகளுக்குக் கற்பனை ஒத்திகைச் சிகிச்சை என்ற முறை பயன்படுகிறது. பாரி கிராகோவின் குழு பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் இதைச் சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டது. கனவை எழுதி, அதை நோயாளி தாம் விரும்பியபடி மாற்றி, மாற்றிய வடிவத்தைப் பகலில் விழித்த நிலையில் நாள்தோறும் பத்து முதல் இருபது நிமிடம் மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தப் பெண் தேர்ந்த மாற்றம் எளிமையானது: மாடியிலிருந்து படியிறங்கி, கூட்டத்தை விலக்கி, சாலையில் அமர்ந்து மகனைத் தூக்கிக்கொள்வது. இறங்கும்போது சத்தத்தையும், கைக்குப் படும் தார்ச்சாலையின் சூட்டையும் சேர்த்துக்கொள்ளுமாறு சொன்னேன். உள்ளே நுழைந்தபின் சில இரவுகள் கனவு முன்னைவிட அச்சமூட்டுவதாக மாறக்கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தேன். அப்படியே நடந்தது, அவர் அலறி எழுந்தார், கணவரும் கலங்கிப்போனார். அதன்பின் கனவு வருவது படிப்படியாகக் குறைந்தது. நாற்சந்திக்குச் செல்லும் பயிற்சியைத் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. கனவு மாறினால் பகல்நேரத் தவிர்ப்பும் தானே போய்விடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. இந்த ஒத்திகையை, குறிப்பாகத் தற்கொலை எண்ணம் இருப்பவர்களும் அதிர்ச்சி மிகப் புதிதாக இருப்பவர்களும், துணையின்றித் தாமாகவே முயல வேண்டாம்.

பார்வையாளர் எப்போதுமே உணர்வற்றவராக இருப்பதில்லை. கூச்சப் பதற்றம் உள்ள மாணவர்கள் தாம் மேடையில் உளறுவதை அரங்கின் கடைசி வரிசையிலிருந்து கனவில் பார்ப்பதுண்டு. அங்கே அமர்ந்திருப்பவர் ஏளனம் செய்கிறார். டேவிட் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் முன்வைத்த விளக்கத்தின்படி, இப்பதற்றம் உள்ளவர்கள் விழிப்பிலும் பிறர் கண்ணால் தம்மையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே உள்ளே இழுத்துவருவதைவிட, அவர்கள் பேசுவதை ஒளிப்பதிவு செய்து, அந்த ஏளனம் உண்மையா என்று அவர்களுக்கே காட்டுவது பலன் தருகிறது.

கனவைக் குறித்துவைக்க விரும்புபவர்கள், எழுந்தவுடன் யாரிடமும் சொல்வதற்கு முன் எழுத வேண்டும். நாம் பிறருக்குச் சொல்லச் சொல்ல, உள்ளிருந்து கண்டதுகூட வெளியிலிருந்து கண்டதாக மாறிவிடக்கூடும்.

தன்னை வெளியிலிருந்து பார்ப்பதுபோன்ற உணர்வு விழித்திருக்கும்போதே நீடித்தால் அது கனவைப் பற்றிய கேள்வியன்று. பெரும் பதற்றம், உறக்கமின்மை, கஞ்சா ஆகியவற்றால் அது வரலாம், மனநல மருத்துவரிடம் சொல்ல வேண்டும். திடீரென்று தொடங்கி, சில நொடிகளோ ஓரிரு நிமிடங்களோ நீடித்து, ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் வந்து, வாய் மெல்லுவதும் பேச்சுக்குப் பதில் சொல்லாமல் வெறித்துப் பார்ப்பதும் சேர்ந்திருந்தால், வலிப்பு நோயா என்று நரம்பியல் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும்; அந்த நேரத்தை வீட்டார் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டுபோனால் அவருக்கு உதவியாக இருக்கும்.