2018 ஜூன் பில்லை எப்போது கிழிக்கலாம்?

வடசென்னையின் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எந்தக் கடையின் பரணைப் பார்த்தாலும் ஆண்டுவாரியாகக் கட்டிய பில் கட்டுகள் இருக்கும். இடம் போதாமல் போகும்போது முதலாளி கணக்குப்பிள்ளையிடம் கேட்பார்: "2018 பில்லெல்லாம் ஏழு வருஷம் தாண்டிடுச்சே, எடுத்துப் போட்டுடலாமா?" பில்லில் உள்ள தேதியிலிருந்து எண்ணுகிறார் அவர். தப்பு நடப்பது அங்கேதான். சட்டம் அந்தத் தேதியிலிருந்து எண்ணுவதில்லை.

ஒரே ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். மார்க்கெட்டில் தகடு விற்கும் ஒரு சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி, 2018 ஜூன் 10 அன்று சரக்கு வாங்கிய பில். அது 2018-19 நிதியாண்டைச் சேர்ந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு கணக்குகளை 72 மாதம் வைத்திருக்கச் சொல்கிறது. அந்த 72 மாதம், அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து ஓட ஆரம்பிக்கும். வழக்கமாக அது அடுத்த டிசம்பர் 31. 2018-19க்கு மட்டும் அந்தத் தேதியைப் பலமுறை தள்ளிவைத்து, கடைசியில் 2020 டிசம்பர் 31 ஆக்கினார்கள். அதிலிருந்து ஆறு வருஷம் என்றால் 2026 டிசம்பர் 31. ஆக, ஆறு வருஷம் என்று சொல்லப்படும் கெடு இந்தப் பில்லுக்கு எட்டரை வருஷம் ஆகிவிடுகிறது.

இந்த 72 மாதம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 2018-19 போன்ற ஆண்டுகளில் மோசடி, மறைப்பு என்று சந்தேகம் வந்தால், வரி கேட்டு உத்தரவு போட அதிகாரிக்கு அதே கடைசித் தேதியிலிருந்து ஐந்து வருஷம் அவகாசம் உண்டு. கடைசி நாளில் உத்தரவு வந்தாலும் அப்பீல் போக நம் கையில் பில் இருக்கவேண்டும். அவர்கள் கேட்கக்கூடிய காலத்தை விட நாம் வைத்திருக்கவேண்டிய காலம் ஒரு வருஷம் நீளமாக இருப்பதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது.

இத்தோடு முடியவில்லை. நம் கடை பிரைவேட் லிமிடெட் என்பதால் கம்பெனிகள் சட்டமும் சேர்ந்துகொள்கிறது. நடப்பு ஆண்டுக்கு முந்தைய எட்டு நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களையும் அவற்றுக்கான வவுச்சர்களையும் வைத்திருக்கவேண்டும் என்கிறது அது. 2026-27இல் நின்று பின்னோக்கி எண்ணினால் எட்டாவது ஆண்டு 2018-19. எனவே ஜூன் பில் 2027 மார்ச் 31 வரை பரணில்தான் இருக்கவேண்டும். ஏப்ரல் 1 அன்று இறக்கலாம். இரண்டு கெடு இருந்தால் பிந்தியதுதான் கணக்கு. பக்கத்துக் கடை பார்ட்னர்ஷிப்பாக இருந்தால் இந்த எட்டு வருஷ விதி அவர்களுக்கு இல்லை. அவர்களைப் பார்த்து நாமும் கட்டை இறக்கக்கூடாது.

"பில் போனால் என்ன, ரிட்டர்ன் எல்லாம் ஜிஎஸ்டி போர்ட்டலில் இருக்கிறதே" என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அதை நம்பமாட்டேன். 2024 செப்டம்பரில், ஏழு வருஷத்துக்கு முந்தைய ரிட்டர்ன்கள் இனிப் போர்ட்டலில் தெரியாது என்று அறிவிப்பு வந்தது. 2017 ஜூலை ரிட்டர்ன்களை எடுத்தும்விட்டார்கள். வணிகர்கள் முறையிட்ட பிறகு தற்காலிகமாகத் திரும்பப் போட்டார்கள். அந்த ஏழு வருஷக் கணக்கை நம் ஜூன் பில்லுக்குப் பொருத்திப் பாருங்கள்: 2025 நடுவிலேயே போர்ட்டலில் ரிட்டர்ன் மறைந்துவிடும், ஜிஎஸ்டி சட்டமோ 2026 டிசம்பர் வரை வைத்திருக்கச் சொல்கிறது. அதனால் ஒவ்வொரு ஆண்டும் ரிட்டர்ன் போட்டு முடித்த கையோடு மொத்தத்தையும் டவுன்லோட் செய்து அந்த ஆண்டின் ஃபோல்டரில் போட்டுவிடவேண்டும்.

கெடு ஓடவே ஆரம்பிக்காத பில்களும் உண்டு. யார்டில் நிற்கும் கிரேனை 2014இல் வாங்கியிருந்தால், அந்தப் பில்லை 2014-15 கட்டில் வைத்திருப்பார்கள். கட்டு இறங்கும்போது அதுவும் போய்விடும். ஆனால் கிரேன் இன்னும் சொத்துக் கணக்கில் இருக்கிறது, வருஷாவருஷம் தேய்மானம் எழுதுகிறோம். என்ன விலைக்கு வாங்கினோம் என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சான்று. 2026-27இல் கிரேனை விற்றால், விற்ற ஆண்டின் கட்டோடு சேர்ந்து 2035 மார்ச் வரை அது இருக்கவேண்டும். வண்டி, இயந்திரம், கட்டடம் ஆகியவற்றின் பில்களை ஆண்டுக் கட்டிலிருந்து பிரித்துத் தனி ஃபைலில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் வராது.

நோட்டீஸ் வந்தால் எல்லாக் கெடுவும் நின்றுவிடும். அப்பீலோ விசாரணையோ நடக்கும் விஷயத்துக்கான கணக்குகளை, அது முடிந்து ஒரு வருஷம் வரையோ 72 மாதம் முடியும் வரையோ, எது பிந்தியதோ அதுவரை தொடக்கூடாது. அந்தக் கட்டின் மேல் சிவப்பு மையில் 'இறக்காதே' என்று எழுதி ஒட்டுவது நல்ல பழக்கம். நோட்டீஸ் வந்த பிறகு அழித்தால், ஆதாரத்தை அழித்த குற்றமாகவே அது போய் நிற்கும்.

இன்னொன்று, கெடு தெரிந்தும் தாள் நமக்காகக் காத்திருக்காது. எடைமேடைச் சீட்டு, டீசல் பில் பெரும்பாலும் தெர்மல் தாளில் வரும். அதில் மை கிடையாது. தாளின் மேல் பூசிய நிறமற்ற சாயமும் அமிலத்தன்மையுள்ள ஒரு பொருளும் சூட்டில் உருகிச் சேரும்போதுதான் எழுத்து கறுப்பாகத் தெரிகிறது. வெயில், வெப்பம் பட்டால் எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போடுவது இன்னும் மோசம். உறையை மிருதுவாக்கச் சேர்க்கும் ரசாயனம் கசிந்து எழுத்தைக் கரைத்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள பரணில் அந்தச் சீட்டு எட்டு வருஷம் தாங்காது. வந்த வாரமே ஸ்கேன் செய்து, லாரி ரசீதோடும் பில்லோடும் ஒரே எண்ணில் சேர்த்துவிடவேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் எத்தனை இடங்களில் தரைத்தளம் முழுக்கத் தண்ணீர் நின்றது என்பது நமக்குத் தெரியும். கீழ் அலமாரியில் மட்டும் இருக்கிற பிரதியை நான் பிரதியாகவே கணக்கில் எடுக்கமாட்டேன்.

சரி, எதைத்தான் அழிப்பது? லோடு ஏற்ற வந்த டிரைவர்களின் ஆதார், லைசென்ஸ் ஜெராக்ஸ், வேலை கேட்டு வந்தவர்களின் பயோடேட்டா, வேலையை விட்டுப் போனவரின் வங்கிப் புத்தக நகல் என்று கட்டுக்கட்டாக இருக்கும். இவற்றில் பலவற்றை வைத்திருக்கச் சொல்லி எந்தச் சட்டமும் கேட்பதில்லை. 2023இல் இயற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இவற்றை ஸ்கேன் செய்தோ கம்ப்யூட்டரிலோ வைத்திருந்தால், நோக்கம் முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாவிட்டால், அழிக்கச் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, இந்தக் கடமைக்குப் பதினெட்டு மாத அவகாசம் கொடுத்திருக்கின்றன. அதுவரை காத்திருக்காமல் இப்போதே அழிப்பதுதான் சரி. ஊழியர் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பிஎஃப் எண் உள்ள பதிவேட்டை மட்டும் நான் இறக்கவே விடமாட்டேன். பல வருஷம் கழித்துப் பென்ஷனுக்காகச் சேர்ந்த தேதியைத் திருத்த வருபவருக்கு அதை விட்டால் வேறு சான்று இருக்காது.

அழிக்கும் நாளில் எந்த ஆண்டு, எந்த வகை, எத்தனை கட்டு, எந்த விதிப்படி கெடு முடிந்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி டைரக்டர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பக்கம் மட்டும் நிரந்தரமாக இருக்கும். ஆதார் நகல் கலந்த கட்டைப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போடக்கூடாது, கிழித்துத்தான் போடவேண்டும். அப்புறம், கம்ப்யூட்டரில் அழித்தது பேக்கப் ஹார்ட் டிஸ்க்கிலும் கணக்குப்பிள்ளையின் வாட்ஸ்அப்பிலும் மிச்சம் இருக்கும்; பட்டியலில் அந்த இடங்களையும் எழுதி ஒவ்வொன்றாக டிக் செய்தால்தான் அழித்ததாக அர்த்தம்.